கணக்கு மாறி வந்த விவசாயி உதவித்தொகை: பழனி மலையின் மேல்மலையில் ஒரு நிகழ்வு

பின்னணி

கொடைக்கானலின் மேல்மலைக் கிராமம் ஒன்றில் நான் வங்கி மித்ராவாக வேலை செய்கிறேன். கைரேகை மிஷினை வைத்துப் பணம் எடுத்துக் கொடுப்பதும் இருப்பு பார்த்துச் சொல்வதும் என் அன்றாட வேலை. இங்கே பதிவு செய்யும் நிகழ்வு 2024 இறுதியில் தொடங்கி 2025 நவம்பரில் முடிந்தது. சம்பந்தப்பட்ட அம்மையாரின் ஒப்புதலைப் பெற்றே எழுதுகிறேன். அவர் பெயரையும் ஊரையும் வங்கிகளின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

அவருக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல். கணவர் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். தன் பெயரில் பட்டா உள்ள ஒன்றரை ஏக்கரில் மலைப்பூண்டும், இடையிடையே கேரட்டும் போடுகிறார். பிரதமர் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக 2,000 வீதம், கொடைக்கானல் நகரில் உள்ள பொதுத்துறை வங்கிக் கிளை ஒன்றின் சேமிப்புக் கணக்கில் அவருக்கு ஏறிவந்தது. அந்தக் கிளை கிராமத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் மேலான மலைப்பாதைக்கு அப்பால் இருக்கிறது. காலைப் பேருந்தில் போனால் திரும்ப மாலையாகிவிடும், அன்றைய காட்டு வேலையும் போய்விடும். ஆகையால் ஒவ்வொரு தவணைக்கும் அவர் நேரில் போவதில்லை. இரண்டு தவணைகள் சேர்ந்த பிறகு போய், அதே கிளையில் வைத்திருந்த நகைக் கடனின் வட்டியைக் கட்டிவிட்டு வருவார்.

அந்த நகைக் கடன் இந்த நிகழ்வுக்கு முக்கியமானது. 2024 ஜூனில் 45,000 ரூபாய்க்கு நகையை வைத்திருந்தார். ஓராண்டு முடிவில் ஏறக்குறைய 3,900 ரூபாய் வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டும். 2024 அக்டோபர் தவணையும் 2025 பிப்ரவரித் தவணையும் சேர்ந்தால் வட்டிக்குச் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். உதவித்தொகை என்று நாம் பொதுவாகச் சொல்லும் பணத்துக்குப் பயனாளியின் கையில் பெரும்பாலும் இப்படி ஒரு குறிப்பிட்ட வேலை முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கும். அது தாமதமானாலும் இடம் மாறினாலும் அந்த வேலைதான் முதலில் தடுமாறுகிறது.

முதலில் தெரிந்தவை

2024 அக்டோபர் 5 அன்று விடுவிக்கப்பட்ட 18ஆவது தவணை வழக்கமான கணக்கில் வந்தது. 2025 பிப்ரவரி 24 அன்று விடுவிக்கப்பட்ட 19ஆவது தவணை வரவில்லை. மார்ச் மாத நடுவில் அவர் என்னிடம் வந்து, "தம்பி, எல்லாருக்கும் ஏறிடுச்சுன்னு சொல்றாங்க, எனக்கு மட்டும் ஏறலையே" என்றார்.

அன்று நான் செய்தது இதுதான். மிஷினில் அவருடைய பொதுத்துறை வங்கியைத் தேர்ந்தெடுத்து, ஆதார் எண்ணை அடித்து, கைரேகை வாங்கி, இருப்பு பார்த்தேன். பூண்டு உரித்து உரித்து அவருடைய விரல் ரேகைகள் தேய்ந்திருந்தன. வலது கை விரல்கள் எடுக்காமல் மூன்றாவது முயற்சியில் இடது கட்டைவிரல் எடுத்தது. இருப்பு திரையில் வந்தது, அதில் பிப்ரவரித் தவணை இல்லை. கைரேகைக்குக் கணக்கு பதில் சொல்கிறது என்றால் ஆதார் இணைப்பு சரியாகத்தானே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, "இணைப்பெல்லாம் சரியா இருக்கும்மா, பணம் இன்னும் விடலைபோல, பொறுத்துப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினேன். அது தவறான பதில். ஏன் தவறு என்பதைப் பின்னால் விளக்குகிறேன். அந்தப் பதிலால் அவர் ஐந்து மாதம் காத்திருந்தார்.

ஏப்ரலில் வேறு வேலையாக நகரத்துக்குப் போனவர் வங்கிக் கிளையிலும் கேட்டிருக்கிறார். ஆதாரை இணைக்க வேண்டுமா என்று கேட்டதற்கு, கணினியில் பார்த்துவிட்டு, ஏற்கெனவே இணைந்திருக்கிறது என்று சொன்னார்கள். ஜூன் மாதம் இ-சேவை மையம் ஒன்றில் திட்டத்தின் இணையதளத்தில் அவருடைய நிலையைப் பார்த்தார்கள். நிலப் பதிவு, மின்னணு அடையாளச் சரிபார்ப்பு, ஆதாரோடு வங்கிக் கணக்கு இணைப்பு ஆகிய மூன்று இடத்திலும் ஆம் என்றே இருந்தது. அங்கேயும் எல்லாம் சரி என்ற பதிலே கிடைத்தது.

இப்படி மூன்று இடத்தில் கேட்டும் மூன்று இடத்திலும் ஆம் என்றே பதில் வந்தது. ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் எந்த வங்கிக்கு என்ற கேள்வியை நான் உட்பட யாரும் கேட்கவில்லை.

இதற்கிடையில் ஜூனில் நகைக் கடன் தவணை முடிந்து வங்கியிலிருந்து கடிதம் வந்தது. கையில் இருந்தது அக்டோபரில் வந்த 2,000 மட்டும். மீதியை, அவருடைய பூண்டை வடுகபட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகும் வியாபாரியிடம் கைமாற்றாக வாங்கிக் கட்டினார். வியாபாரி வட்டி கேட்கவில்லை. அடுத்த அறுவடையை அவருக்கே போட வேண்டும் என்பது மட்டும் பேச்சு. விலையை ஒப்பிட்டு வேறு ஆளிடம் போடும் வாய்ப்பை அந்த 2,000 ரூபாய்க்காக அவர் விட்டுக்கொடுத்திருக்கிறார் என்பதால் இதையும் இங்கே எழுதுகிறேன்.

பணம் போகும் வழி

ஆகஸ்டில் நடந்ததைச் சொல்வதற்கு முன், இந்தப் பணம் எப்படிக் கணக்கைத் தேடி வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இதை நான் முழுமையாகப் புரிந்துகொண்டது இந்த நிகழ்வின்போதுதான்.

ஆதார் வழியில் அனுப்பப்படும் உதவித்தொகைக்குக் கணக்கு எண்ணும் தேவையில்லை, ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் தேவையில்லை. அரசு அனுப்பும் கோப்பில் பயனாளியின் ஆதார் எண்ணும் தொகையும் இருக்கும். அந்தக் கோப்பு என்.பி.சி.ஐ. எனப்படும் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் வழியாகப் போகிறது. அங்கே மேப்பர் என்று ஒரு பதிவேடு இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் ஓர் ஆதார் எண்ணுக்கு நேராக ஒரே ஒரு வங்கியின் அடையாள எண் மட்டும்தான் இருக்க முடியும். வாடிக்கையாளரின் கணக்கு எண் அதில் இல்லை. கோப்பு வரும் நேரத்தில் அந்த வரியில் எந்த வங்கி இருக்கிறதோ அந்த வங்கிக்குப் பணம் போகும். அந்த வங்கி தன்னிடம் அந்த ஆதாரோடு குறிக்கப்பட்டுள்ள கணக்கில் அதை வரவு வைக்கும். திட்டத்தில் சேரும்போது விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதிக் கொடுத்தோம் என்பதற்கு இங்கே வேலையே இல்லை.

ஒருவருக்கு நான்கு வங்கிகளில் கணக்கு இருந்து, நான்கிலும் ஆதார் கொடுத்திருக்கலாம். நான்கு வங்கிகளும் தத்தம் கணினியில் ஆதார் இணைந்திருக்கிறது என்றே காட்டும். ஆனால் மேப்பரில் இடம்பிடித்திருப்பது அவற்றுள் ஒன்றுதான், அது கடைசியாகப் பதிவு அனுப்பிய வங்கி. புதிய வங்கி வாடிக்கையாளரின் ஒப்புதலோடு பதிவை அனுப்பியதும் பழைய வங்கியின் பெயர் அழிந்துவிடும். அதோடு, ஆதார் வழியாக அவருக்கு வரும் எல்லாத் திட்டப் பணமும் ஒரே நாளில் இடம் மாறும். இந்த அம்மையாருக்கு நூறு நாள் வேலை அட்டை இல்லை. இருந்திருந்தால் அந்தக் கூலியும் இதே வழியில்தான் மாறிப் போயிருக்கும், ஏனென்றால் 2024 ஜனவரி 1 முதல் அந்தக் கூலியும் ஆதார் வழியிலேயே வழங்கப்பட வேண்டும் என்று ஆகிவிட்டது.

கைரேகை மிஷின் வேலை செய்யும் முறை இதற்கு நேர்மாறானது. அதில் எந்த வங்கி என்பதை நாமே திரையில் தேர்ந்தெடுக்கிறோம். கேள்வி நேராக அந்த வங்கிக்குப் போகிறது, மேப்பரைத் தொடுவதே இல்லை. எனவே பொதுத்துறை வங்கியில் அவருடைய இருப்பு மிஷினில் வந்தது என்பது அந்த வங்கியில் ஆதார் இணைந்திருப்பதை மட்டுமே காட்டியது, உதவித்தொகை எங்கே போகிறது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. மார்ச் மாதம் நான் செய்த பிழை இதுதான்.

ஆகஸ்டில் கண்டறிந்தவை

20ஆவது தவணை 2025 ஆகஸ்ட் 2 அன்று விடுவிக்கப்பட்டது. மறு வாரம் அவர் மறுபடி வந்தார். ஒரு முறை வராமல் போனால் தாமதம் என்று சொல்லலாம். அண்டை வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் வந்த இரண்டு தவணைகள் இவருக்கு மட்டும் வரவில்லை, அரசின் பக்கத்திலோ தகுதி சரியாக இருக்கிறது, இணைப்பும் ஆம் என்று இருக்கிறது. மேப்பரில் வங்கியே இல்லாமலிருந்தால் பணம் திரும்பிப் போயிருக்கும், இணைப்பு நிலையும் இல்லை என்றே வந்திருக்கும். அப்படியானால் பணம் எங்கோ சேர்ந்துகொண்டிருக்கிறது என்பதுதான் பொருத்தமான முடிவாக இருந்தது.

எந்த வங்கி என்பதை நேராகத் தெரிந்துகொள்ள ஆதார் ஆணையத்தின் myaadhaar.uidai.gov.in தளத்தில் Bank Seeding Status என்ற பக்கம் இருக்கிறது. கணக்கு எண்ணைக் காட்டாவிட்டாலும் வங்கியின் பெயர், பதிவு நடப்பில் இருக்கிறதா இல்லையா, கடைசியாக மாறிய தேதி ஆகிய மூன்றையும் காட்டும். ஆனால் அதில் நுழைய ஆதாரில் பதிந்த கைப்பேசிக்கு ஓ.டி.பி. வர வேண்டும். அவருடைய ஆதாரில் இருந்தது காலமான கணவரின் எண். அந்த எண் துண்டிக்கப்பட்டு நெடுநாளாகிவிட்டது. மேல்மலையில் வயதானவர்களின் ஆதார் பலவற்றில் இதே நிலையைப் பார்க்கிறேன்.

ஆகையால் வேறு வழியில் தேட வேண்டியிருந்தது. கடைசியாகப் பணம் சரியாக வந்தது 2024 அக்டோபர் 5, முதன்முறை வராமல் போனது 2025 பிப்ரவரி 24. மேப்பர் பதிவு மாறியிருந்தால் இந்த இரண்டு நாட்களுக்கும் இடையில்தான் மாறியிருக்க வேண்டும். எனவே அவரிடம், "அம்மா, தீபாவளிக்கு முன்னால இருந்து மாசி வரைக்கும் எங்கெங்க கைரேகை வெச்சீங்க, ஒண்ணுவிடாம சொல்லுங்க" என்று கேட்டேன். ரேஷன் கடை என்றார், மாதாமாதம். பழைய சிம் போனதற்குப் புது சிம் வாங்கியதைச் சொன்னார். சற்று நேரம் யோசித்துவிட்டு, மார்கழி தொடக்கத்தில் ஊர்ச் சாவடியில் காப்பீட்டுக்காக நடந்த முகாமைச் சொன்னார். இருபது ரூபாய்க்கு இரண்டு லட்சம் விபத்துக் காப்பீடு என்று சொல்லிக் கைரேகை வாங்கினார்கள், நூறு ரூபாய் வாங்கினார்கள், ஓர் அட்டை கொடுத்தார்கள் என்றார். அந்த அட்டை வீட்டில் ரேஷன் கார்டு உறைக்குள் இருந்தது. அது ஒரு பேமெண்ட்ஸ் வங்கியின் சேமிப்புக் கணக்கு அட்டை.

பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தின் ஆண்டுப் பிரீமியம் 20 ரூபாய். அது வங்கிக் கணக்கிலிருந்துதான் பிடிக்கப்படும், ஆகையால் காப்பீட்டுக்காகக் கணக்கு ஒன்று திறக்கப்பட்டிருக்கிறது. அதில் தவறு ஏதும் இல்லை. கணக்குத் திறக்கும்போது அரசுப் பணம் இந்தக் கணக்கில் வரச் சம்மதம் என்ற வரியும் சேர்ந்தே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. அந்த வரியை யாரும் படித்துச் சொன்னதாக அவருக்கு நினைவில்லை. முகாமில் இருந்தவர்கள் சொல்லவே இல்லை என்று நான் உறுதியாகக் கூற முடியாது. கூட்டத்தில் ஒரே நாளில் பலருக்குக் கணக்குத் திறக்கும்போது ஒவ்வொருவருக்கும் அதன் விளைவை விளக்கியிருக்க வாய்ப்பு குறைவு என்று மட்டும் சொல்ல முடியும்.

மிஷினில் அந்தப் பேமெண்ட்ஸ் வங்கியைத் தேர்ந்தெடுத்து இருப்பு பார்த்தோம். 4,060 ரூபாயும் வட்டியாகச் சில ரூபாயும் இருந்தன. முகாமில் கொடுத்த 100 ரூபாயில் முதல் பிரீமியம் 20 போக 80, அதன்மேல் இரண்டு தவணைகள் சேர்ந்து 4,000, மே மாத இறுதியில் புதுப்பிப்புக்காகப் பிடித்த 20 கழிந்தால் 4,060. தொகை ரூபாய்க்கு ரூபாய் பொருந்தியதால் இரண்டு தவணைகளும் இங்கேதான் வந்தன என்பதில் ஐயம் இல்லாமல் போயிற்று.

பணம் வந்ததாகக் குறுஞ்செய்தி ஏன் வரவில்லை என்பதும் அப்போதே தெரிந்தது. முகாம் நடந்த அன்று அவரிடம் புது சிம் இன்னும் இல்லை, ஓ.டி.பி.க்காக அருகில் நின்ற அண்ணன் மகனின் எண்ணைக் கொடுத்திருக்கிறார். அந்தப் பையன் பின்னர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். தொலைபேசியில் கேட்டபோது, தேடிப் பார்த்து, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் 2,000 வரவு என்று இரண்டு செய்திகள் கிடப்பதாகச் சொன்னான். விளம்பரச் செய்திகளோடு சேர்ந்து போனதால் கவனிக்கவில்லை என்று மிகவும் வருந்தினான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் பணத்தைப் பற்றிய முடிவு. அது அவர் பெயரில் உள்ள கணக்கிலேயே இருப்பதால் யாரிடமும் புகார் கொடுத்து மீட்க வேண்டிய பணம் அல்ல. 4,000 ரூபாயை அன்றே கைரேகை வைத்து எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் வியாபாரியின் கைமாற்றை அடைத்துவிட்டார். அறுவடையைப் பற்றிய பேச்சை மட்டும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான் என்றார்.

அடுத்த முடிவுக்கு இரண்டு வாரம் எடுத்துக்கொண்டோம். மேப்பரை அப்படியே விட்டுவிடலாமா, பழைய வங்கிக்கே திருப்ப வேண்டுமா என்பது கேள்வி. விட்டுவிடுவதற்கும் நியாயமான காரணம் இருந்தது. பேமெண்ட்ஸ் வங்கிப் பணத்தை ஊரிலேயே எடுக்கலாம், நகரத்துக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் பொதுத்துறை வங்கிப் பணத்தையும் என் மிஷினிலேயே எடுக்கலாம் என்பதால் அந்த வசதி இரண்டுக்கும் பொதுதான். நகைக் கடன் இருக்கும் கிளையிலேயே பணம் சேர்ந்தால் வட்டி கட்டப் பணத்தைக் கையில் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் போக வேண்டாம் என்பது அவருக்குப் பெரிதாக இருந்தது. எடுக்கச் சுலபமாக இருந்தால் செலவாகிவிடும் என்று அவரே சொன்னார். ஆகவே திருப்புவது என்று அவரே தீர்மானித்தார்.

புதுக் கணக்கை உடனே மூடிவிட வேண்டும் என்று மருமகள் வற்புறுத்தினார். அதை நான் தடுத்தேன். மேப்பரில் பேமெண்ட்ஸ் வங்கியின் பெயர் இருக்கும்போதே கணக்கை மூடினால், அடுத்த தவணை அந்த வங்கிக்குப் போய், வரவு வைக்கக் கணக்கு இல்லாமல் திரும்பிவிடும், பிறகு திட்டத்தின் பக்கத்திலிருந்து மறுபடி அனுப்பும்வரை காத்திருக்க வேண்டும். முதலில் மேப்பரை மாற்றி, மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மூடுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். அதோடு, கணக்கை மூடினால் அதில் இருக்கும் விபத்துக் காப்பீடும் போய்விடும். இரண்டு லட்சம் ரூபாய்க் காப்பீட்டை ஆண்டுக்கு இருபது ரூபாய்க்கு விட்டுக்கொடுப்பது சரியல்ல என்பதால், மே மாதப் பிரீமியத்துக்குப் போதுமான தொகையை அதில் விட்டு, கணக்கை வைத்துக்கொள்வதாக முடிவாயிற்று.

மாற்றியதில் ஏற்பட்ட சிக்கல்

ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் இருவரும் கொடைக்கானல் போனோம். முதலில் ஆதார் மையத்தில் 50 ரூபாய் கட்டி அவருடைய தற்போதைய கைப்பேசி எண்ணைப் பதிந்தோம். (அக்டோபர் 1 முதல் இந்தக் கட்டணம் 75 ரூபாய் ஆகிவிட்டது.) பிறகு வங்கிக் கிளைக்குப் போனோம்.

அங்கே நான் எதிர்பார்த்ததே நடந்தது. ஆதாரை இணைக்க வந்திருக்கிறோம் என்றதும், ஏற்கெனவே இருக்கிறதே என்றார் எழுத்தர். இணைப்பு வேறு, அரசு மானியம் பெறுவதற்காக என்.பி.சி.ஐ. மேப்பரில் பதிவது வேறு, எங்களுக்கு வேண்டியது இரண்டாவது என்று விளக்கிக் கேட்டபோது அதற்கான ஒப்புதல் படிவத்தைக் கொடுத்தார். அந்தப் படிவத்தில், முன்பு எந்த வங்கியில் மானியம் பெற்றுவந்தேன், அதை இந்த வங்கிக்கு மாற்றக் கோருகிறேன் என்று எழுதும் இடம் இருக்கிறது. இது வெறும் சம்பிரதாய வரி அல்ல. 2017இல் ஒரு பேமெண்ட்ஸ் வங்கியில், கைப்பேசி எண்ணைச் சரிபார்க்க வைத்த கைரேகையைக் கொண்டே வாடிக்கையாளருக்குத் தெரியாமல் கணக்குகள் திறக்கப்பட்டு, பல லட்சம் பேரின் சமையல் எரிவாயு மானியம் அவற்றுக்குப் போயிற்று. அந்த ஆண்டு டிசம்பரில் ஆதார் ஆணையம் அந்த நிறுவனத்தின் மின்னணுச் சரிபார்ப்பு உரிமத்தை நிறுத்திவைத்தது. அதன் பிறகே, பழைய வங்கியின் பெயரைச் சொல்லி வாடிக்கையாளர் ஒப்புதல் தர வேண்டும் என்ற கட்டுப்பாடு இறுகியது.

அவருக்கு அந்தக் கிளையில் இரண்டு கணக்குப் புத்தகங்கள் இருந்தன, ஒன்று நெடுநாளாக நடவடிக்கை இல்லாதது. மேப்பர் வங்கியை மட்டுமே அறியும் என்பதால், வங்கிக்குள் எந்தக் கணக்கில் ஏற வேண்டும் என்பதை வங்கிதான் தீர்மானிக்கிறது. ஆகவே நடப்பில் உள்ள கணக்கின் எண்ணைப் படிவத்தில் தெளிவாக எழுதி, பெறப்பட்டது என்று முத்திரை வைத்த நகல் ஒன்றையும் வாங்கிக்கொண்டோம்.

ஒரு வாரம் கழித்து அவருடைய கைப்பேசிக்கு ஓ.டி.பி. வந்தது, ஆதார் தளத்தில் நுழைந்தோம். வங்கியின் பெயர் மாறவில்லை, பேமெண்ட்ஸ் வங்கியே இருந்தது. கடைசியாக மாறிய தேதி 2024 டிசம்பர் என்று காட்டியது, முகாம் நடந்த அதே வாரம். எங்கள் ஊகத்துக்கு எழுத்து வடிவில் ஆதாரம் கிடைத்தது அன்றுதான்.

நகலைக் காட்டிக் கிளை மேலாளரிடம் கேட்டபோது காரணம் தெரிந்தது. படிவத்தை வாங்கி வங்கியின் கணினியில் ஆதாரை மறுபடி பதிந்திருக்கிறார்கள், மேப்பருக்கு மாற்றக் கோரிக்கை அனுப்பப்படவில்லை. மேலாளர் குறை சொல்லாமல், தட்டிக் கழிக்காமல், தானே அமர்ந்து பழைய வங்கியின் பெயரோடு கோரிக்கையை அனுப்பினார். மூன்றாவது வேலைநாளில் ஆதார் தளத்தில் பொதுத்துறை வங்கியின் பெயர் வந்தது, நிலை நடப்பில் என்றும் தேதி புதிதாகவும் இருந்தது. முத்திரை வைத்த நகல் இல்லாமல் போயிருந்தால் இந்த உரையாடல் மறுபடி முதலிலிருந்தே தொடங்கியிருக்கும்.

விளைவு

21ஆவது தவணை 2025 நவம்பர் 19 அன்று கோயம்புத்தூரில் நடந்த நிகழ்ச்சியில் விடுவிக்கப்பட்டது. மறுநாள் அவர் என்னிடம் வந்தபோது இரண்டு வங்கிகளிலும் இருப்பு பார்த்தேன். பொதுத்துறை வங்கியில் 2,000 கூடியிருந்தது, பேமெண்ட்ஸ் வங்கியில் மாற்றம் இல்லை. அடுத்த முறை நகரம் போனபோது கணக்குப் புத்தகத்தில் பதிந்து வந்து காட்டினார்.

முகாமில் அதே நாளில் கணக்குத் திறந்த இன்னும் சிலரை அவரே அழைத்து வந்தார். அவர்களுள் இருவருக்கு இதே நிலை. ஒருவர் அந்தக் கணக்கிலேயே பணம் வரட்டும், வயதான காலத்தில் நகரத்துக்கு அலைய முடியாது என்று சொல்லி மாற்றாமல் விட்டார். அது அவருக்குப் பொருத்தமான முடிவு. எங்கே வருகிறது என்று தெரிந்தே அவர் விட்டிருக்கிறார்.

இப்போது நான் மாற்றிக்கொண்டவை

உதவித்தொகை வரவில்லை என்று யார் வந்தாலும், கைரேகை மிஷினில் இருப்பு வருவதை வைத்து இணைப்பைப் பற்றி நான் எதுவும் சொல்வதில்லை. ஆதாரில் கைப்பேசி எண் நடப்பில் இருந்தால் முதலில் Bank Seeding Status பக்கத்தைத் திறந்து வங்கியின் பெயரையும் தேதியையும் என் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறேன். எண் இல்லாவிட்டால், கடைசியாகப் பணம் வந்த நாளுக்கும் வராமல் போன நாளுக்கும் இடையில் கைரேகை வைத்த இடங்களைக் கேட்டு, ஒவ்வொரு வங்கியாகப் பார்க்கிறேன். இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த வங்கியின் பெயர் அவர்கள் நினைவில் இல்லாவிட்டால் மிஷின் எதுவும் சொல்லாது. அப்போது வங்கிக் கிளையிலேயே மேப்பர் நிலையைப் பார்த்துச் சொல்லக் கேட்பதே வழி.

கணக்குத் திறக்கும் வேலை எனக்கும் உண்டு. இப்போது அந்தப் படிவத்தில் மானியம் பற்றிய வரிக்கு வந்ததும் நிறுத்தி, இதுவரை வரும் அரசுப் பணம் எல்லாம் இனி இந்தக் கணக்குக்கு மாறும், மாறட்டுமா வேண்டாமா என்று தமிழில் கேட்கிறேன். வேண்டாம் என்றால் அந்த ஒப்புதலைக் கொடுக்காமலேயே கணக்கைத் திறக்கிறேன். காப்பீட்டுக்கோ சேமிப்புக்கோ அந்த ஒப்புதல் கட்டாயம் இல்லை என்பது பலருக்குத் தெரியவில்லை.

அந்த அம்மையாரின் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கில் கைப்பேசி எண் இன்னும் அண்ணன் மகனுடையதாகவே இருக்கிறது. அதை மாற்ற இரண்டு முறை முயன்றோம். இரண்டு முறையும் சிக்னல் போய் ஓ.டி.பி. நேரம் முடிந்துவிட்டது. மே மாதப் பிரீமியம் பிடிப்பதற்குள் மாற்றிவிட வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.